தோள் கொடுத்தவரிடம் சொல்லக்கூடாதது

திங்கட்கிழமை முதல் அப்பாவை எங்கே விடுவது என்று மங்கைக்குத் தெரியவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் மறதி நோய் வந்தவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் இல்லம்தான் இருந்தது. காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலையில் அழைத்துப்போகலாம். அதை நம்பித்தான் அவள் காந்தி ரோட்டில் பட்டுச் சேலைக் கடையில் வேலைக்கு நின்றாள். அந்த இல்லத்தின் பொறுப்பாளர் திருஞானசம்பந்தம் போன வாரம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அவர் கொடியவர் அல்ல, பயந்தவர். மங்கையின் அப்பா முனிரத்தினம் இரண்டு முறை கேட்டைத் தாண்டிப் போயிருந்தார். இரண்டாம் முறை பஸ்கள் திரும்பும் முக்கில், நடுச்சாலையில், கையால் வண்டிகளை ஒதுங்கச் சொல்லிக்கொண்டு நின்றவரை ஒரு பூக்காரர் பிடித்துக்கொண்டுவந்து விட்டார்.

“கேட்ட பூட்டினா புடிச்சி ஆட்றாரு. கையப் புடிச்சா அடிக்கிறாரு. உட்டா போயிடறாரு. ஒண்ணு ஆயிடுச்சின்னா நான் உனக்கு என்னம்மா பதில் சொல்வேன்?” என்று கேட்டார் திருஞானசம்பந்தம்.

மங்கையின் வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பாவை ஓர் அறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வாடகை கொடுக்க முடியாது.

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, ஆவணி மாதம். அந்தச் சனிக்கிழமை பிற்பகல் நர்சிங் பள்ளியிலிருந்து இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இல்லத்துக்குப் பயிற்சிக்கு வருவதாக இருந்தது. டிமென்ஷியா என்ற இந்த மறதி நோய் வந்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று செய்து பழகும் பட்டறை. அவர்களுடைய ஆசிரியை ஸௌம்யா, குடும்பத்தார் யாராவது வந்தால் மாணவர்களுக்கும் நல்லது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வந்தது மங்கை ஒருத்திதான். கடையில் அரை நாள் விடுப்புக் கேட்டு வந்திருந்தாள். ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்ற ஆசைதான்.

கூடத்தில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் முதியவர்கள் இருந்த அறை. அங்கே ஒரு செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு போவதும் திரும்புவதும் மங்கைக்குக் கேட்டது. அது அப்பாவின் நடை. நாலு மணி நெருங்க நெருங்க அந்த நடை வேகமாகும். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஸௌம்யா முதலில் பாடம் எதுவும் சொல்லவில்லை. ஏலவார்குழலி என்ற மாணவியை நடுவில் உட்காரவைத்தாள். அந்தப் பெண் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். அறுந்த இழைகளைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிபோடக்கூடியவள். அவள் காதுகளில் பஞ்சு வைத்து, கைகளில் தடித்த கையுறை மாட்டி, முன்னால் சில அறுந்த பட்டு இழைகளை வைத்து முடிபோடச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு ரேடியோவை, நிலையம் எதுவும் சரியாகக் கிடைக்காத இடத்தில் திருப்பி, இரையவிட்டார்கள். ஸௌம்யா அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு விடாமல் பேசினாள். அந்த இழையை எடு, அது இல்லை, பக்கத்தில் இருப்பது, இடது கையால் பிடி, இன்றைக்கு என்ன தேதி, நான் யார் தெரிகிறதா, ஏன் இவ்வளவு நேரம், நேற்றுச் செய்தாயே.

ஏலவார்குழலி முதலில் சிரித்தாள். பிறகு முகம் சிவந்தது. பின்பு இழைகளைக் கீழே தள்ளிவிட்டாள்.

ஸௌம்யா ரேடியோவை நிறுத்தி, கையுறைகளைக் கழற்றிவிட்டு, எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, இப்போது என்ன செய்யத் தோன்றுகிறது என்று கேட்டாள்.

“எழுந்து எங்கியாவது போயிடணும்னு தோணுது மிஸ்,” என்றாள் அந்தப் பெண். அவள் கண் கலங்கியிருந்தது.

மங்கை சுவரைப் பார்த்தாள். செருப்பு தேய்ந்துகொண்டிருந்தது.

அதன் பிறகுதான் ஸௌம்யா பாடத்தைத் தொடங்கினாள். பேசுவதற்கு முன்னால் டிவி, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. முன்னால் வந்து, கண்ணுக்குக் கண் நேராக நின்று அல்லது உட்கார்ந்து, நம் பேரை நாமே சொல்லிவிட வேண்டும். “என்னைத் தெரியுதா” என்று கேட்பது அன்பு போலத்தான் இருக்கும், ஆனால் அவர்களுக்கு அது பரீட்சை. சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு விஷயம். என்ன வேண்டும் என்று கேட்பதைவிடக் காபியா மோரா என்று கேட்பது எளிது. கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒருவர் கேட்க, அவரவர் சாமியின் பேரை மனதுக்குள் நிதானமாகப் பத்து முறை சொல்லுங்கள் என்றாள் ஸௌம்யா.

ஐயம்பேட்டையிலிருந்து வரும் கதிர்வேல் கை தூக்கினான். “ஏகாம்பரநாதர்னு பத்து தடவ சொன்னா ரொம்ப நேரம் ஆயிடும் மிஸ். பெருமாள்னா சீக்கிரம் முடிஞ்சிடும்.”

“உனக்கு ஏகாம்பரநாதரே இருக்கட்டும். அவ்வளவு நேரம் வேணும்,” என்றாள் ஸௌம்யா. எல்லாரும் சிரித்தார்கள். மங்கைக்கும் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது.

வீட்டுக்குப் போகணும், ஆபீஸுக்குப் போகணும் என்று ஒருவர் எழுந்தால் அந்தச் சொற்களோடு சண்டை போடக்கூடாது என்று ஸௌம்யா தொடர்ந்தாள். முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். சிறுநீர் முட்டுகிறதா, தாகமா, எங்காவது வலியா, புழுக்கமா என்று. அதற்கு அப்புறம் மனதைப் பார்க்க வேண்டும். அந்தப் பேச்சுக்கு அடியில் பயம் இருக்கலாம், ஏக்கம் இருக்கலாம். அதைத் தொட்டுப் பேசினால் பாதி அலைச்சல் தணியும்.

பிறகு மூன்று மூன்று பேராகப் பிரித்தாள். ஒருவர் நோயாளி, ஒருவர் பராமரிப்பவர், ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பவர். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் நோயாளியாக நடித்தவரைத்தான் முதலில் பேசச் சொல்வது. கதிர்வேலின் குழுவில் ஓர் ஆள் குறைந்தது. மங்கையைச் சேர்ந்துகொள்ளச் சொன்னாள் ஸௌம்யா. தினமும் பார்க்கிறீர்களே, அப்பா எப்படிச் செய்கிறாரோ அப்படியே செய்யுங்கள் என்றாள்.

மங்கை தயங்கினாள். அப்பாவைப் போல நடித்துக் காட்டுவது அவரைக் கேலி செய்வதுபோல் பட்டது. அப்பா யார் என்றாவது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று முதலில் அதைச் சொன்னாள். முனிரத்தினம் வரதர் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்கியாக இருந்தவர். பெருமாள் வீதிக்கு வரும்போது வாகனத்தின் தண்டுகளைத் தோளில் சுமக்கும் கூட்டத்தில் ஒருவர். மீசை முளைத்த வயதில் தோள் கொடுக்கத் தொடங்கியவர், முழங்கால் தளரும்வரை விடவில்லை. தண்டு அழுத்தி அழுத்தி அவருடைய வலது தோளில் ஒரு காய்ப்பு உருண்டு நிற்கிறது. அவருக்கு இப்போது எல்லா நாளும் உற்சவ நாள்தான். நாலு மணியானால் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். துப்பட்டாவை மடித்து வலது தோளில் போட்டுக்கொண்டாள். அறையின் குறுக்கே வேகமாக நடந்தாள்.

“நேரமாச்சு. நான் போவணும்,” என்றாள், அப்பாவின் குரலில்.

கதிர்வேல் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்தான். முன்னால் வந்தான். தன் பேரைச் சொன்னான். “எங்க போவணும்பா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“பெருமாள் கெளம்பிட்டாரு. என் எடம் காலியா இருக்குது.”

கதிர்வேல் ஒரு நிமிடம் யோசித்தான். இல்லை என்று மறுக்கக்கூடாது என்பது நினைவிருந்தது. அவன் முகம் மலர்ந்தது. “சாமி போயிட்டு வந்துட்டாருப்பா. புறப்பாடு முடிஞ்சிடுச்சு. நீங்க நிம்மதியா உக்காருங்க.”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். சண்டை இல்லை, மறுப்பு இல்லை, குரல் கனிவாக இருந்தது. மங்கை நின்றுவிட்டாள். துப்பட்டா தோளிலிருந்து சரிந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை.

ஸௌம்யா வழக்கப்படி அவளிடம் முதலில் கேட்டாள், இதைக் கேட்டதும் உள்ளே எப்படி இருந்தது என்று.

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

“சாமி என்ன உட்டுட்டுப் போயிட்டாருன்னு இருந்துச்சு,” என்றாள் மங்கை. “நான் போவாத நாள்ல, என் தோள் இல்லாம... போயிட்டு வந்துட்டாரு.”

கதிர்வேலின் முகம் வாடியது. மன்னிச்சுக்குங்க அக்கா என்றான்.

“நீ சொன்னது புதுசு இல்லப்பா,” என்றாள் மங்கை. “நான் தெனமும் அதத்தான் சொல்றேன். அதச் சொன்னா உக்காந்துடுவாரு. நல்ல வழி கெடச்சிடுச்சின்னு நெனச்சேன்.”

உட்கார்ந்துவிடுவார் என்பது உண்மை. ஆனால் எப்படி உட்காருவார் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். தட்டில் சோறு வைத்தால் தொடமாட்டார். சில நாள் தன் வலது தோளைத் தானே அடித்துக்கொள்வார். அது நோயின் குணம் என்று அவள் எண்ணியிருந்தாள். வேறு யாரிடம் சொன்னாலும் புறப்பாடு முடிந்துவிட்டது என்பது ஒரு செய்தி. தோள் கொடுக்கிறவரிடம் சொன்னால், நீ வரவில்லை என்ற குற்றச்சாட்டு அது.

ஸௌம்யா அருகில் வந்து உட்கார்ந்தாள். “சொன்ன வார்த்தையை அவர் கொஞ்ச நேரத்துல மறந்துடுவார். அதனால வந்த துக்கம் மட்டும் மறக்காது. எதுக்காகன்னு தெரியாமலே ராத்திரி வரைக்கும் உள்ளே கிடக்கும்.” இதை மங்கைக்கும் மாணவர்களுக்கும் சேர்த்தே சொன்னாள். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. பெற்றவரை நேசிக்கிறவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள், நேசிக்காதவர்கள் பதிலே சொல்வதில்லை என்றும் சொன்னாள்.

அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடுவதா என்று ஏலவார்குழலி கேட்டாள். உங்களுக்கு வயதாகிவிட்டது, தோள் கொடுப்பதை நிறுத்தி வெகுநாளாகிறது என்று. அதுவும் அதே அடிதான், தினமும் புதிதாக விழும் என்றாள் ஸௌம்யா. நாளைக்குப் போகலாம் என்று வாக்குக் கொடுப்பதும் வேண்டாம், வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். பொய்யும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். அவருக்குத் தெரிந்த வேலையை அவரிடமே கேளுங்கள், கேட்டுக்கொண்டு கூடவே இருங்கள். அவர் நடந்தால் நீங்களும் நடங்கள்.

பிறகு மங்கையிடம், தோள் கொடுப்பவர்கள் எப்படி நடப்பார்கள் என்று கேட்டாள். நான் பிறந்த வீடு பெருமாள் வருகிற தெருவில்தான் என்றாலும், எப்போதும் மேலே பெருமாளைத்தான் பார்த்திருக்கிறேன், கீழே கால்களைப் பார்த்ததில்லை என்றாள்.

மங்கை பார்த்திருக்கிறாள். சின்ன வயதில் கூட்டத்தில் அப்பாவைத் தேடுவதென்றால் கால்களைத்தான் தேட வேண்டும். எல்லாரும் ஒரே அடியாக வைப்பார்கள் என்றாள். தெரு மூலையில் திரும்பும்போது உள்பக்கம் இருப்பவர்கள் அடியைக் குறுக்கி, நின்ற இடத்திலேயே நடப்பதுபோல் வைப்பார்கள். வெளிப்பக்கம் இருப்பவர்கள் அகல அகலமாக வைத்துச் சுற்றி வருவார்கள். யாரும் யாரையும் இழுப்பதில்லை. வெளிப்பக்கத்து அடியைப் பார்த்து உள்பக்கம் தானாகத் திரும்பும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் தவில் அதிர்ந்தது. மாலை மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மேளக்காரர்கள் வார் இழுத்துச் சரிபார்த்தார்கள். நாதஸ்வரமும் ஒரு முறை நீளமாக ஊதி நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி விழுந்தது.

மங்கை வாசலுக்கு ஓடினாள். முனிரத்தினம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கியிருந்தார். ஆயா எல்லம்மாள் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, வேணாம் வேணாம் என்று பின்னாலேயே வந்தாள். திருஞானசம்பந்தம் கேட்டுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். மாணவர்களும் கூட்டமாக வெளியே வந்தார்கள். ஆளுக்கொன்று பேசினார்கள். முனிரத்தினம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குக் கண்களை ஓட்டி, கையை ஓங்கினார்.

ஸௌம்யா மாணவர்களை வாசற்படிக்கு அப்பால் நிற்கச் சொன்னாள். எல்லம்மாளைச் சட்டையை விடச் சொன்னாள். பொறுப்பாளரைக் கேட்டை மூடியபடியே ஓரமாக, முனிரத்தினத்தின் கண்ணில் படாமல் நிற்கச் சொன்னாள். “ஒரே குரல் போதும். மங்கை, நீங்க.”

மங்கை அப்பாவின் முன்னால் போனாள். இப்போது தவறினால் திங்கட்கிழமை என்பது இல்லை. வாய் தானாகப் பழைய வார்த்தைக்குப் போனது. புறப்பாடு முடிஞ்சி என்பது வரைக்கும் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, பல்லைக் கடித்து நிறுத்தினாள். அதற்குப் பதிலாக இன்னொரு தவறு வந்தது.

“அப்பா, என்னத் தெரியல உங்களுக்கு?”

“யாருமா நீ, வழிய உடு,” என்று அவர் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

தடுமாறி நின்றாள். மனதுக்குள் பெருமாளே பெருமாளே என்று சொல்லிக்கொண்டாள். காத்திருப்பதற்காகச் சொன்னதா, உதவிக்காகச் சொன்னதா என்பது அவளுக்கே தெரியாது. மறுபடியும் முன்னால் வந்தாள். இந்த முறை கைகளைக் கீழே தொங்கவிட்டு, அவர் கண்ணுக்கு நேராக நின்றாள்.

“நான் மங்கைப்பா. எந்தத் தோளுப்பா உங்களுக்கு?”

முனிரத்தினம் நின்றார். கேள்வி அவருக்குள் இறங்க நேரம் எடுத்தது. மங்கை இன்னொரு சொல் சேர்க்கவில்லை. மண்டபத்தில் தவில் மறுபடி அதிர்ந்து ஓய்ந்தது.

“வலது,” என்றார்.

“நானும் கூட வரட்டா?”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “அடி மாத்தாத,” என்றார்.

அவள் அவருடைய வலப்பக்கம் போய் நின்றாள். அவர் வலது காலை எடுத்தார், அவளும் எடுத்தாள். முதல் சில அடிகளில் அவள் பிசகினாள். அவர் சலித்துக்கொண்டு நின்று, முதலிலிருந்து தொடங்கினார். கேட்டை நோக்கித்தான் போனார்கள். கேட்டுக்கு முன்னால் பாதை இடப்பக்கமாகத் திரும்பிக் கட்டடத்தை ஒட்டிப் பின்பக்கம் போகிறது. இன்னும் நாலைந்து அடியில் அவர் கம்பியைப் பிடித்துவிடுவார்.

மங்கை வெளிப்பக்கம் இருந்தாள். அவரைத் தொடவில்லை. தன் அடியை அகலமாக்கினாள். கேட்டின் ஓரமாக வளைந்து ஓர் அடி, இன்னும் ஓர் அடி. அவர் தலையைத் திருப்பி அவள் காலைப் பார்த்தார்.

“மூல வந்துடுச்சா?” என்று முணுமுணுத்தார். பிறகு உரக்க, “உள்பக்கம் நிதானம், நிதானம்,” என்று யாருக்கோ சொன்னார். நின்ற இடத்திலேயே சின்னச் சின்னதாக அடிவைத்துத் திரும்பினார். கேட் அவர்களுக்குப் பின்னால் போயிற்று.

கட்டடத்தைச் சுற்றி நடந்தார்கள். வழியெல்லாம் அவர் பேசினார். மழை பெய்த வருஷம் கால் வழுக்கியதையும், பக்கத்துத் தோள்காரன் பாச்சா வெற்றிலையை அடக்கிக்கொண்டே தூக்குவதையும் சொன்னார். சில பேச்சு பாதியில் அறுந்தது. மங்கை அதைக் கட்டிமுடிக்க முயலவில்லை. ம் என்றாள், கூட நடந்தாள். தோள் வலிக்கிறதா என்று ஒரு முறை கேட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

பின்பக்கத்து நிழலில் அவரே நின்றார். “எறக்கு,” என்று முழங்காலை மடித்தார். அவளும் மடித்தாள். இறக்கிவைத்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தாகமா இருக்குதாப்பா? மோர் இருக்குது.”

எல்லம்மாள் மோர் கொண்டுவந்தாள். முன்னால் வந்து, தம்ளரை அவர் கையில் வைத்து, அவர் விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ளும்வரை தன் கையை எடுக்காமல் இருந்தாள். குடித்து முடித்ததும் அவருடைய கை வேட்டி முடிச்சைத் தடவியது. அதைக் கவனித்தவளும் எல்லம்மாள்தான். பின்னாடி போயிட்டு வரலாமா என்று ஒரே கேள்வியாகக் கேட்டாள். அவர் மறுக்காமல் அவளோடு போனார்.

சிறுநீரும் முதலிலிருந்தே முட்டியிருக்கலாம், அவருக்கே சொல்லத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஸௌம்யா மாணவர்களிடம் சொன்னாள். உடம்பும் மனசும் சேர்ந்துதான் ஆளை எழுப்புகின்றன. நாம் ஒன்றைத்தான் பார்க்கிறோம். இன்றைக்கு உதவிய வழி நாளைக்கு உதவாமல் போகலாம், அப்போது கோபப்படாமல் இன்னொன்றைத் தேட வேண்டும் என்றும் சொன்னாள். யாரும் குறிப்பெடுக்கவில்லை. கதிர்வேல் மட்டும் ஒரு சுவரோரம் போய், தன் பாட்டுக்கு அடியைக் குறுக்கியும் அகட்டியும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏலவார்குழலி அவனுக்கு உள்பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள்.

திருஞானசம்பந்தம் கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாக வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். மங்கை அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முனிரத்தினம் தினமும் இப்படி வளைந்து வருவாரா என்று அவளிடம் கேட்டார். தெரியாது என்றாள் மங்கை. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, தேவைப்பட்டது பொய்யாக இருந்தும்.

பொறுப்பாளர் கொஞ்ச நேரம் பாதையின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் விபூதி பூசி, தேவாரம் சொல்லி, அப்புறம்தான் வேலையைத் தொடங்குகிறவர் அவர். பெருமாளின் தண்டுக்கு ஒருநாளும் அருகில் போனவர் இல்லை.

“நாலு மணிக்கு எனக்கு ஒண்ணும் பெரிய வேல இல்ல,” என்றார் கடைசியில். “கூட்டிக்கினு வாம்மா திங்கக்கெழம. நான் எந்தப் பக்கம் நிக்கணும், அதச் சொல்லிட்டுப் போ.”

மங்கைக்குக் கை கூப்பத்தான் முடிந்தது. வலப்பக்கம் என்று கதிர்வேல் அவளுக்காகச் சொன்னான். வெளிப்பக்கம் நின்று அகலமாக வைக்க வேண்டும் என்று அவரைப் பிடித்து நிறுத்திக் காட்டவும் செய்தான். சார் உங்களுக்கு வேட்டிய மடிச்சுக் கட்டினா நல்லா வரும் என்றான். போடா என்றார் திருஞானசம்பந்தம், ஆனாலும் மடித்துக் கட்டிக்கொண்டார்.

இருட்டத் தொடங்கும் வேளையில் மங்கை அப்பாவை வீட்டுக்கு அழைத்துப்போனாள். அமைதி நிலைக்கவில்லை. பாதி வழியில் அவருடைய நடை மறுபடி வேகமெடுத்தது. தெருவில் சைக்கிள்களும் ஆட்டோக்களும் நெருக்கின. ஒரு வீட்டு வாசலில் யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அந்த வாசனையில் அவர் நின்றுவிட்டார். கையை உதறிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

“பெருமாள் கெளம்பிட்டாரா?” என்று கேட்டார்.

நேற்று வரைக்கும் அவளிடம் அதற்குத் தயாரான ஒரு பதில் இருந்தது. இப்போது இல்லை. அவர் முன்னால் போய் நின்று அவர் கண்களைப் பார்த்தாள். அங்கே அலைந்துகொண்டிருந்தது பயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

“பெருமாள் ஞாபகமாவே இருக்கிறீங்களாப்பா?”

“ஆமா. என் எடம் காலியா இருக்கும்.” அவர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “என்ன உட்டுட்டுப் போயிடுவாரா?”

மங்கை அவருடைய வலது தோளின் காய்ப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். யாருக்கு எது உண்மையோ, அவளுக்கு இது உண்மை. அதனால் தயங்காமல் சொன்னாள்.

“உங்கள உட்டுட்டுப் போமாட்டாருப்பா. ஒருநாளும் போமாட்டாரு.”

அவர் அதை யோசித்துப் பார்த்தார். ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனது. பிறகு அவர் வலது காலை எடுத்துவைத்தார். மங்கையும் வைத்தாள்.